உட்கார்ந்தால் பிட்டத்தில் வலி: ஜவ்வா, மூட்டா, தசையா?

வாசகர் கேள்வி: எனக்கு 38 வயது. நாளைக்கு ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. ஐந்து மாதமாக வலது பிட்டத்தில் ஆழமான வலி. உட்கார்ந்து 25 நிமிடம் ஆனதும் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக முழங்காலுக்குச் சற்று மேல் வரை இறங்குகிறது, சில சமயம் மதமதப்பும் இருக்கிறது. இடப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது, எழுந்து ஐந்து நிமிடம் நடந்தால் போய்விடுகிறது. கார் ஓட்டினால் அதிகம். படுக்கையில் வலி இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் "இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது" என்று சொடக்கு எடுத்துவிட்டார், இரண்டு நாள் நன்றாக இருந்தது. இன்னொருவர் பிரிஃபார்மிஸ் தசை என்று சொல்லி ஸ்ட்ரெச் கற்றுக்கொடுத்தார். தினம் பத்து முறை செய்கிறேன், அதன்பின் மதமதப்பு கூடியிருக்கிறது. மூவரில் யார் சொல்வது சரி? ஆபரேஷன் வரை போகுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வலி வந்திருக்கும் நேரத்தில் எழுந்து நின்று, ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து, "இங்கேதான்" என்று ஓரிடத்தைத் தொடுங்கள். உள்ளங்கையால் தடவிக் காட்டக் கூடாது, ஒரே விரல்தான். ஒரு நிமிடம் விட்டு மறுபடி தொடுங்கள். இரண்டு முறையும் விரல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறதா, எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் கேள்விக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையைவிட இந்த விரல் அதிகம் சொல்லும்.

பிட்டத்தில் மூன்று இடங்கள் முக்கியம். இடுப்பின் பின்பக்கம், முதுகெலும்புக்கு இருபுறமும் இரண்டு சிறு குழிகள் தெரியுமே, அந்தக் குழியிலோ அதற்கு ஒரு விரல் அகலம் கீழே உட்புறமாகவோ விரல் நின்றால் அது எஸ்.ஐ. மூட்டின் இடம். முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு அது. இரண்டாவது இடம் பிட்டத்தின் நடுப்பகுதி. தொடையின் வெளிப்பக்க உச்சியில் கையை வைத்துக்கொண்டு பாதத்தை உள்ளும் புறமும் திருப்பினால் ஒரு எலும்புக் குமிழ் கைக்கு அடியில் உருளும். முக்கோண எலும்பின் ஓரத்திலிருந்து அந்தக் குமிழ் வரை ஒரு கோடு இழுத்தால், பிரிஃபார்மிஸ் தசை ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் படுத்திருக்கிறது. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தசையின் கீழ் விளிம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது. மூன்றாவது இடம் பிட்டம் முடிந்து தொடை தொடங்கும் மடிப்புக்குச் சற்று மேலே, நாற்காலியில் நேரடியாக அழுந்தும் எலும்பு. தொடையின் பின்பக்கத் தசைகள் அந்த எலும்பில்தான் ஒட்டியிருக்கின்றன.

இந்த மூன்று இடங்களுக்கும் இடையே சில விரல் அகலம்தான் தூரம். அதனால்தான் ஒரே வலிக்கு ஆளுக்கொரு பெயர் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாகவும் முடியும். உங்கள் ஸ்ட்ரெச் விஷயத்தில் அது நடந்திருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜவ்வு பற்றிய பயம்

எம்.ஆர்.ஐ.யில் "பிதுங்கியிருக்கிறது" என்று எழுதியதைப் படித்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும், 40 வயதை ஒட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு ஜவ்வு இப்படிப் பிதுங்கித்தான் இருக்கிறது. எனவே படத்தில் இருப்பது வேறு, வலிக்குக் காரணம் வேறு என்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. படமும் அறிகுறியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பொருத்திப் பார்ப்போம். எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எல்5 நரம்பு வேர். அதன் வலி முழங்காலோடு நிற்பது குறைவு. கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல் என்று போகும். கட்டைவிரலை மேலே தூக்கும் பலமும் குறையலாம். இருமினாலோ தும்மினாலோ முக்கினாலோ காலில் சுரீரென்று இழுக்கும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் மருத்துவர் காலைத் தூக்கும்போது 30 முதல் 70 டிகிரிக்குள் அதே கால் வலி கிளம்பும். உங்கள் வலி முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்ததும் குறைகிறது. ஜவ்வு வலி இப்படிப் பிட்டத்தின் மேல் விழும் பாரத்தை மாற்றியவுடன் இறங்குவது அரிது. உட்காரும்போது ஜவ்வு வலியும் கூடும் என்பது உண்மைதான், ஆகவே அதை அடியோடு தள்ளிவிடவில்லை. காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையும், குதிகால், கட்டைவிரல் பலமும், கணுக்கால் பின்பக்கத் தசைநார் அனிச்சையும் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். அவை மூன்றும் சரியாக இருந்தால் அந்த அறிக்கையை மடித்து வைத்துவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதுகுக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் பிட்டத்தின் ஆழப்பகுதி வராது. எஸ்.ஐ. மூட்டும் தேவையான கோணத்தில் முழுமையாக வராது. "எம்.ஆர்.ஐ.யில் வேறு எதுவும் இல்லை" என்றால், பார்த்த இடத்தில் வேறு எதுவும் இல்லை என்றுதான் பொருள்.

எஸ்.ஐ. மூட்டு: விலகுவதில்லை, எரிச்சலடைகிறது

"மூட்டு விலகியிருக்கிறது" என்ற சொல் உங்களை நிறையப் பயமுறுத்தியிருக்கும். எஸ்.ஐ. மூட்டு உடலிலேயே மிகக் குறைவாக அசையும் மூட்டுகளில் ஒன்று. சில டிகிரி திரும்பும், ஓரிரு மில்லிமீட்டர் நகரும், அவ்வளவுதான். சுற்றிலும் உடலின் மிக வலிமையான தசைநார்கள் அதைக் கட்டிப்போட்டிருக்கின்றன. பெரிய விபத்து இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்ததால் அது இடம் மாறாது. சொடக்கு எடுப்பதற்கு முன்னும் பின்னும் மூட்டின் நிலையை எக்ஸ்-கதிர் கொண்டு நுணுக்கமாக அளந்து 1998-ல் வெளியான ஆய்விலும் மூட்டு இடம் மாறியதாகத் தெரியவில்லை. அப்படியானால் உங்களுக்கு இரண்டு நாள் ஏன் நன்றாக இருந்தது? சொடக்கின்போது சுற்றியுள்ள தசைகளின் இறுக்கமும் வலி உணர்வும் சிறிது நேரம் தணியும். அது உண்மையான நிவாரணம்தான், ஆனால் விலகிய எலும்பு உள்ளே போனதற்குச் சாட்சி அல்ல. வாராவாரம் போய் "உள்ளே தள்ளி" வர வேண்டிய அவசியமும் இல்லை.

எஸ்.ஐ. மூட்டு வலிக்குக் காரணமே ஆகாது என்று சொல்லவில்லை. ஆகும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட நிலை மாறும் நேரத்தில் அதிகம் குத்தும். நாற்காலியிலிருந்து எழும் அந்தக் கணம், படுக்கையில் புரளும்போது, படியேறும்போது, ஒற்றைக் காலில் நின்று பேன்ட் மாட்டும்போது. வலி குழியை ஒட்டியே உட்கார்ந்திருக்கும், இடுப்புப் பட்டைக்கு மேலே ஏறுவது குறைவு. தொடையின் பின்பக்கமும் பரவலாம். உங்களுக்கு எழுந்தால் குறைகிறது, புரண்டால் வலியில்லை. இந்த இரண்டும் எஸ்.ஐ. மூட்டுக்கு எதிராக நிற்கும் குறிப்புகள்.

சந்தேகம் இருந்தால் ஐந்து கைச்சோதனைகள் இருக்கின்றன. இடுப்பெலும்பின் முன்முனைகளை வெளிநோக்கித் தள்ளுவது, பக்கவாட்டில் படுக்கவைத்து அமுக்குவது, தொடையை நிமிர்த்தி அதன் வழியே கீழ்நோக்கி அழுத்துவது, கட்டில் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு மற்றதை மார்போடு மடக்குவது, குப்புறப் படுக்கவைத்து முக்கோண எலும்பின் மேல் அழுத்துவது. ஒரு சோதனையில் மட்டும் வலித்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. மூன்று அல்லது அதற்கு மேல், அதுவும் *உங்களுக்குப் பழக்கமான அதே வலியை* எழுப்பினால்தான் எஸ்.ஐ. மூட்டைச் சந்தேகப்படலாம். கை வைத்துத் தடவி, "இந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது" என்று சொல்லும் முறையை நான் நம்புவதில்லை. ஒரே ஆளை இரண்டு பேர் தடவினால் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் கேட்டுவிட வேண்டும். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் பிட்ட வலியில், மூட்டு அழற்சி நோய் ஒன்று ஒளிந்திருக்கலாம். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் வலியால் விழிப்பு, ஒரு வாரம் வலது மறு வாரம் இடது என்று மாறும் வலி, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது, எப்போதாவது கண் சிவந்து வலித்தது, தோலில் சொரியாசிஸ், குடும்பத்தில் யாருக்காவது இதே நோய். இவற்றில் சில உங்களுக்குப் பொருந்தினால் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையும் எஸ்.ஐ. மூட்டுக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். நீங்கள் எழுதியதில் "நடந்தால் குறைகிறது" என்ற ஒன்று மட்டும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் உங்களுக்கு ஐந்து நிமிட நடையிலேயே போய்விடுகிறது, இரவில் வலியில்லை, ஒரே பக்கம்தான். அதனால் இதற்கான வாய்ப்பு குறைவு.

பிரிஃபார்மிஸ்: பொருந்துகிறது, ஆனால் முத்திரை குத்த அவசரம் வேண்டாம்

மூவரில் இரண்டாவது பிசியோதெரபிஸ்ட் சொன்னதுதான் உங்கள் கதைக்கு நெருக்கம் என்பது என் கருத்து. உட்கார்ந்து இத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடிவது, பாரத்தை மற்ற பக்கம் மாற்றினால் இறங்குவது, நடந்தால் போவது, முதுகில் வலி இல்லாமல் பிட்டத்தில் தொடங்குவது. பிட்டத்தின் ஆழத்தில் நரம்பு நெருக்கப்படும்போது இப்படித்தான் இருக்கும். வலி முழங்காலுக்கு மேல் நின்றுவிடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. தொடையின் பின்பக்கத் தோலுக்குப் போகும் தனி நரம்பு ஒன்று சயாட்டிக் நரம்புக்குப் பக்கத்திலேயே, அதே தசைக்குக் கீழிருந்து வெளிவருகிறது. அது எரிச்சலடைந்தால் மதமதப்பு தொடையோடு நிற்கும்.

கார் ஓட்டும்போது கூடுவதும் இதோடு பொருந்துகிறது. வலது கால் பெடலை நோக்கி நீண்டு, தொடை சற்றே வெளிப்பக்கம் திரும்பி, அப்படியே மணிக்கணக்கில் நிற்கிறது. பிட்டத்தின் ஆழத்தில் உள்ள தசைகள் லேசான பிடியிலேயே இருக்க, மேலே சீட் அழுத்துகிறது. பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து ஓட்டும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நரம்பு வெளிவரும் இடத்துக்கு மேல் அது கட்டையாக உட்கார்ந்திருக்கும்.

இதைக் கையால் உறுதிசெய்ய வழி இருக்கிறது. உங்களை இடப்பக்கம் படுக்கவைத்து, வலது தொடையை 60 முதல் 90 டிகிரி மடக்கி, முழங்காலை உள்பக்கமாகக் கீழே இறக்குவார்கள். உட்கார்ந்த நிலையில் முழங்காலை நீட்டி, தொடையை உள்பக்கம் நகர்த்தியபடி பிட்டத்தை ஆழமாக விரலால் அழுத்துவார்கள். பக்கவாட்டில் படுத்தபடி, கையின் எதிர்ப்புக்கு எதிராக முழங்காலை வெளியே தள்ளச் சொல்வார்கள். இவற்றில் உங்கள் வலி, அதே இடத்தில், அதே மதமதப்போடு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்பு எழுதாது. முதுகும் எஸ்.ஐ. மூட்டும் இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டும் காரணமல்ல என்று ஒதுக்கிய பிறகு எஞ்சுவதுதான் இந்த நோயறிதல். தொடையை மடக்கி உள்ளே திருப்பும்போது முன்பக்கம் கவட்டையில் வலித்தால் அந்தப் பந்துக்கிண்ண மூட்டைப் பார்க்க வேண்டும். நரம்பு தசைக்கு நடுவே புகுந்து வரும் பிறவி அமைப்பு பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். ஆறில் ஒருவருக்கு ஏதோ ஒரு மாறுபாடு இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எந்த வலியும் வருவதில்லை. அதைத் தேடிப் படம் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது இடத்தை, அதாவது உட்காரும் எலும்பை, நீங்களே அழுத்திப் பார்க்கலாம். கடினமான பெஞ்சில் உட்கார்ந்தால் சரியாக அந்த எலும்பிலேயே வலிக்கிறதா? குனிந்து காலைத் தொடும்போதும், மேட்டில் நடக்கும்போதும் அங்கேயே இழுக்கிறதா? ஆம் என்றால் அது தொடையின் பின்பக்கத் தசை ஒட்டும் இடத்தின் கோளாறு. அதற்கு ஸ்ட்ரெச்தான் எதிரி. இழுக்க இழுக்க அந்தத் தசைநார் எலும்பின் மேல் அழுந்தி இன்னும் கெடும். பிரிஃபார்மிஸ் என்று நினைத்து மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மையான நோய் இதுதான்.

ஸ்ட்ரெச்சில் எங்கே தவறியது

உங்களுக்கு மதமதப்பு கூடியது முக்கியமான தகவல். தசை இழுபட்டால் பிட்டத்தில் இதமான இழுவை தெரியும், விட்டதும் போய்விடும். நரம்பு இழுபட்டால் மதமதப்பு, ஊசி குத்துவது, தொடையில் எரிச்சல். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பை நாளுக்குப் பத்து முறை இழுத்தால் அது அடங்க நேரமே கிடைப்பதில்லை. எனவே இன்றிலிருந்து ஒரு வாரம் ஸ்ட்ரெச்சை முழுவதும் நிறுத்துங்கள். மதமதப்பு தணிந்தால் அதுவே ஒரு விடை.

பிறகு இப்படித் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து இரண்டு முழங்கால்களையும் மடக்கி, வலது கணுக்காலை இடது முழங்காலின் மேல் வையுங்கள். இடது தொடையின் பின்னால் கைகளைக் கோத்து மெல்ல மார்பை நோக்கி இழுங்கள். பிட்டத்தில் இழுவை *தொடங்கும்* இடத்தில் நிறுத்துங்கள், தாண்டாதீர்கள். 20 முதல் 30 விநாடி, மூன்று முறை, காலை ஒருவேளை மாலை ஒருவேளை. தொடையில் மதமதப்பு கிளம்பினால் அந்த நொடியே தளர்த்துங்கள். மறுநாள் காலை முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள். டென்னிஸ் பந்தின் மேல் உட்கார்ந்து உருட்டுவதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பந்துக்குத் தசை எது, நரம்பு எது என்று தெரியாது.

நீட்டுவதைவிட முக்கியம் பலப்படுத்துவது. நாள் முழுக்க உட்காருபவர்களின் பிட்டத்துப் பெரிய தசைகள் சோர்ந்துபோனால், ஆழத்தில் உள்ள சின்னத் தசைகள் அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை, இரண்டு சுற்று. இதைச் செய்யும்போது குதிகால்கள் பிட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். தள்ளி வைத்தால் வேலையைத் தொடையின் பின்தசை எடுத்துக்கொள்ளும், சில நேரம் அங்கே பிடிப்பும் வரும். அடுத்தது, இடப்பக்கம் படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஒட்டவைத்தபடி மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறந்து மூடுவது, அதுவும் 10 முறை, இரண்டு சுற்று. இடுப்பு பின்னால் சாயாமல் இருக்கிறதா என்று மேல்கையை இடுப்பெலும்பில் வைத்துப் பாருங்கள். சாய்ந்தால் பயிற்சி ஏமாற்றிவிடும். வாரத்துக்கு நான்கைந்து நாள் போதும். பலன் தெரிய ஆறு வாரமாவது கொடுங்கள்.

நாற்காலி

பயிற்சி எவ்வளவு செய்தாலும் ஒன்பது மணி நேர அழுத்தம் அப்படியே இருந்தால் ஈடுகட்டாது. உங்களுக்கு வலி தொடங்குவது 25 நிமிடத்தில். அதனால் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். வலி வந்த பிறகு எழுவதும், வருவதற்கு முன்பே எழுவதும் ஒன்றல்ல. முந்தையதில் எரிச்சல் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுகிறது. எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால் போதும். போன் பேசுவதை எல்லாம் நின்றுகொண்டு பேசுங்கள்.

சீட்டின் உயரம், முழங்காலைவிட இடுப்பு ஓரிரு விரல் மேலே இருக்கும்படி இருக்கட்டும், பாதங்கள் தரையில் முழுதாகப் பதியட்டும். சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கால்மேல் கால் போடுவதையும், ஒரு காலை மடக்கி அதன் மேல் உட்காருவதையும் விடுங்கள். இடப் பக்கம் சாய்ந்து உட்காருவது உடனடி நிவாரணம்தான், ஆனால் அதுவே பழக்கமானால் இடுப்புக்கும் இடப் பிட்டத்துக்கும் வேறு தொல்லை வரும். காரில் சீட்டை முன்னே நகர்த்தி, பெடலுக்குக் கால் எட்டி நீளாதபடி வையுங்கள். நீண்ட பயணத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள்.

ஒரு சிறு நோட்டில் தினமும் ஓர் எண்ணை மட்டும் எழுதுங்கள். இன்று வலியில்லாமல் எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது? இந்த எண் 25-லிருந்து நாலைந்து வாரத்தில் 35, 40 என்று ஏறினால் பாதை சரி. வலியின் அளவை நினைவில் வைத்து ஒப்பிடுவது ஏமாற்றும், நிமிடக் கணக்கு ஏமாற்றாது. ஏறியதற்குத் தக்கபடி அலாரத்தையும் தள்ளி வைக்கலாம்.

வலி மிகுந்த நாட்களில் பாரசிட்டமாலோ, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இல்லையென்றால் உணவுக்குப் பின் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையோ சில நாள் எடுக்கலாம், உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் எழாமல் உட்காருவதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம்.

உடனே போக வேண்டிய நேரம்

கவட்டையைச் சுற்றி, மலவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் தேங்குவது அல்லது தெரியாமல் போவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களிலும் ஒருசேரப் பலக்குறைவு. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடப்பதும் தாமதிக்கக் கூடாத அறிகுறி. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்த பின் தொடங்கிய வலி, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவற்றையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

ஆபரேஷன்?

ஜவ்வுக்கு இப்போது தேவையில்லை. படத்தில் இருப்பதற்காக ஆபரேஷன் செய்வதில்லை, காலில் பலம் குறைந்தாலோ பொருந்தும் அறிகுறியோடு நீண்ட நாள் வலி விடாமல் இருந்தாலோதான் அது யோசனைக்கு வரும்.

ஆறு முதல் எட்டு வாரம் மேலே சொன்னபடி செய்தும் உங்கள் நோட்டு எண் அசையவில்லை என்றால், அடுத்த படி ஊசி. அதை நோயறிதலாகவும் சிகிச்சையாகவும் ஒருசேரப் பார்க்கிறோம். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே பிரிஃபார்மிஸ் தசைக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். எஸ்.ஐ. மூட்டு என்று சந்தேகமிருந்தால் எக்ஸ்-கதிர் அல்லது ஸ்கேன் வழிகாட்ட அந்த மூட்டுக்குள். படம் பார்க்காமல் குத்துமதிப்பாகப் போடும் ஊசியை ஏற்காதீர்கள். மருந்து எங்கே போனது என்று தெரியாவிட்டால், குறைந்தாலும் குறையாவிட்டாலும் அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. ஊசி போட்ட அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவும் வேண்டாம். பத்திரமாக நடக்க முடிந்ததும், வழக்கமான நாற்காலியில், வழக்கமான நேரம் உட்காருங்கள். மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் உங்கள் 25 நிமிடம் வலியில்லாமல் ஒரு மணி நேரம் ஆகிறதா என்று எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கில் மூன்று பங்கு வலி குறைந்தால் ஊசி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தைத் தேட வேண்டும். தசையை வெட்டி நரம்பை விடுவிக்கும் ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் இத்தனையும் முடிந்து, ஊசிக்கு ஒவ்வொரு முறையும் தெளிவாகக் குறைந்து மறுபடி திரும்பி வருகிற மிகச் சிலருக்குத்தான் அந்தப் பேச்சு எழும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எம்.ஆர்.ஐ. கவரோடு மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: விரல் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி, மதமதப்பு எதுவரை இறங்குகிறது என்று ஒரு கோடு, நோட்டில் இரண்டு வார நிமிடக் கணக்கு.